விருந்தாளிகள் போன பிறகு வரும் அழுகை

பழனிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் இருக்கிறது பாலசமுத்திரம். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனிக்கு வருகிற சொந்தக்காரர்கள், மலை இறங்கிய கையோடு இந்த ஊருக்கும் ஒரு எட்டு வந்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கேட்கவே வேண்டாம். "இவ்வளவு தூரம் வந்துட்டுப் பிள்ளையப் பாக்காமப் போறதா?" என்று வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்குவார்கள். வந்தவர்கள் வெறுமனே பார்த்துவிட்டுப் போவதில்லை. ஆளுக்கொரு தடவை கையில் வாங்கிக் கொஞ்சினால்தான் வந்ததற்கு நிறைவு.

பங்குனி உத்திரம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பிறந்து ஆறு வாரமான ஒரு குழந்தை இருக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். நாலரை மணிக்கு முதல் வேன் வருகிறது. அம்மாச்சி மடியிலிருந்து பெரியம்மா, அங்கிருந்து சித்தி, அத்தை, மாமா, பிறகு பக்கத்து வீட்டு அக்கா என்று ஏழெட்டுக் கைகள் மாறுகின்றன. ட்யூப்லைட் எரிகிறது, டிவி ஓடுகிறது, ஒருவர் செல்போனில் படம் எடுக்கிறார், இன்னொருவர் கிலுகிலுப்பையை ஆட்டுகிறார். ஆறு மணி வாக்கில் குழந்தை கண்ணை மூடிக்கொள்கிறது. "எவ்வளவு சமத்து பாரு, இத்தனை சத்தத்துலயும் தூங்குது" என்கிறார்கள். ஏழு மணிக்கு எல்லோரும் கிளம்புகிறார்கள். ஏழே காலுக்கு அழுகை தொடங்குகிறது. முதுகை வில்லாக வளைத்து, முகம் சிவக்க, மார்பைக் கொடுத்தாலும் தலையைத் திருப்பிக்கொண்டு அழும் அழுகை. ஒன்பது மணி வரை ஓயவில்லை.

அந்த நேரத்தில் வீட்டில் மூன்று முடிவுகள் சொல்லப்படும். கண்ணு பட்டுவிட்டது என்பது ஒன்று. வயிற்று வலி என்பது இன்னொன்று. தாய்க்குப் பால் பத்தவில்லை என்பது மூன்றாவது. முதல் முடிவுக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார்கள். இரண்டாவதற்கு ஓமத்தண்ணியோ வசம்போ வரும். மூன்றாவதற்கு மறுநாள் பால்பவுடர் டப்பா வாங்கப்படும். எனக்குப் பெரும் கவலை இந்த மூன்றாவது முடிவைப் பற்றித்தான். ஒரு மாலை நேரத்துக் கூட்டம், நன்றாகப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைத் தன் உடம்பின் மீதே சந்தேகப்பட வைத்துவிடுகிறது.

அந்தக் குழந்தைக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம்.

முதலில் வயதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் டி. பெர்ரி பிரேசில்டன் 1962இல் 80 ஆரோக்கியமான குழந்தைகளின் அழுகையைத் தாய்மார்களைக் கொண்டு நாள்தோறும் குறிக்கச் செய்து ஓர் ஆய்வு வெளியிட்டார். இரண்டாம் வாரத்தில் நாளுக்கு ஒன்றே முக்கால் மணி நேரமாக இருந்த அழுகை, ஆறாம் வாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரமாக உயர்ந்து, பன்னிரண்டாம் வாரத்துக்குள் நன்றாகக் குறைந்துவிட்டது. அந்த அழுகையில் பெரும்பகுதி மாலையிலும் முன்னிரவிலும் குவிந்திருந்தது. பசி, ஈரம், வலி எதுவும் இல்லாமலே வந்த அழுகை அது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த ஆறு வாரத்தை, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ண வேண்டும். அதாவது யாருமே வராத வீட்டிலும் ஆறு வாரக் குழந்தை மாலையில் அழும். விருந்தாளிகள்தான் அழுகையை உண்டாக்கினார்கள் என்று சொல்வது அவர்களுக்கு நியாயம் செய்வதாகாது. அழுகை வருகிற நேரத்துக்குச் சற்று முன்னால், குழந்தையின் தாங்கும் சக்தியை அவர்கள் கரைத்துவிட்டுப் போகிறார்கள் என்பதே சரி.

அந்தத் தாங்கும் சக்தி எப்படி வேலை செய்கிறது? பிறந்த குழந்தையின் நரம்பு மண்டலத்துக்குத் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் வழிகள் மிகக் குறைவு. நமக்குக் கூட்டம் சலித்தால் எழுந்து திண்ணைக்குப் போய் உட்கார்ந்துகொள்வோம். குழந்தைக்கு அது முடியாது. அதன் கையில் உள்ள முதல் ஆயுதம், பார்வையைத் திருப்பிக்கொள்வது. தாயும் குழந்தையும் முகத்துக்கு முகம் பேசும்போது குழந்தையின் இதயத்துடிப்பை அளந்து பார்த்தார் டிஃபனி ஃபீல்ட் என்ற உளவியலாளர். 1981இல் வெளியான அந்த ஆய்வில், குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குச் சில விநாடிகள் முன்பு இதயத்துடிப்பு ஏறியது. திருப்பிக்கொண்டதும் இறங்கியது. முகத்தைத் திருப்புவது குழந்தை எடுத்துக்கொள்ளும் ஓய்வு. அந்த நேரத்தில் பெரியவர் என்ன செய்கிறார்? "இங்க பாரு, இங்க பாரு" என்று குழந்தை திரும்பிய பக்கமே தானும் போய் நிற்கிறார். ஓய்வு முறிந்துபோகிறது. ஒரே ஆளானால் சற்று நேரத்தில் அவரும் நிறுத்திவிடுவார். வரிசையில் நிற்கும் எட்டுப் பேருக்கோ, ஒவ்வொருவருக்கும் அது முதல் நிமிடம்தான்.

கை மாறும் ஒவ்வொரு முறையும் குழந்தைக்குப் புதிதாக வருவது முகம் மட்டுமில்லை. வாசனை மாறுகிறது. விபூதி, மல்லிகை, பவுடர், வெயிலில் நடந்த வியர்வை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு மணம். பிடிக்கும் விதம் மாறுகிறது. ஒருவர் நிமிர்த்திப் பிடிப்பார், ஒருவர் படுக்க வைத்துப் பிடிப்பார். உள்காதின் சமநிலை உறுப்பு ஒவ்வொரு தூக்கலுக்கும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். ஆறு வாரக் கண்ணுக்குச் சுமார் ஒரு சாண் தூரத்தில் இருப்பதுதான் தெளிவாகத் தெரியும். கொஞ்ச வருகிறவர்கள் சரியாக அந்தத் தூரத்துக்கே முகத்தைக் கொண்டுவருவார்கள்.

அடுத்த ஆயுதம், தடுத்துக்கொள்வது. தூங்கும் பச்சிளம் குழந்தையின் கண்மேல் ஒளியை ஒரு முறை காட்டினால் துள்ளும். அதையே திரும்பத் திரும்பக் காட்டினால் துள்ளல் குறைந்து, கடைசியில் அசைவே இருக்காது. பிரேசில்டன் 1973இல் வெளியிட்ட பிறந்த குழந்தைகளுக்கான பரிசோதனை முறையில், ஒளி, கிலுகிலுப்பை, மணி ஆகியவற்றைக் கொண்டு இந்தத் திறனைத்தான் முதலில் பார்ப்பார்கள். அந்த வீட்டில் ஆறு மணிக்குக் கண்ணை மூடிய குழந்தையிடம் நடந்ததும் பெரும்பாலும் இதுவே. வந்துகொண்டே இருந்ததை அது வெளியே நிறுத்திவைத்தது. இப்படி மூடிக்கொண்ட குழந்தையைக் கூர்ந்து பார்த்தால் தெரியும்: கைமுஷ்டி இறுகியிருக்கும், நெற்றி சுருங்கியிருக்கும், கையைத் தூக்கிவிட்டால் தளர்ந்து விழாது. உண்மையில் ஆழ்ந்து தூங்கும் குழந்தையின் கை, ஈரத்துணி போலத் துவண்டு விழும். "சமத்து" என்று பாராட்டப்பட்ட அந்த ஒரு மணி நேரம் குழந்தை ஓய்வெடுத்த நேரமாக இருந்திருக்காது. சத்தம் நின்றதும் அடக்கிவைத்தது எல்லாம் வெளியே வருகிறது. அதனால்தான் ஆட்கள் இருக்கும்வரை அமைதியாக இருந்துவிட்டு, போன பிறகு அழுகை தொடங்குகிறது. கண்ணு பட்டது என்று சொல்கிறவர்கள் இந்தக் காலவரிசையைச் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள். வந்தவர்களுக்கும் அழுகைக்கும் தொடர்பு உண்டு. வந்தவர்களின் மனசில் பொறாமை இருந்தது என்று கருதுவதுதான் வீண்பழி. மிகுந்த அன்போடு வந்தவர்கள் வந்த நாளிலும் இதே அழுகை வரும்.

அழுகைக்கு முன்பே குழந்தை பல முறை சொல்லிப் பார்க்கிறது. குறைமாதக் குழந்தைகளைக் கவனித்து ஹெய்டலீஸ் ஆல்ஸ் என்ற உளவியலாளர் 1980களில் இந்த அடையாளங்களை ஒழுங்குபடுத்தினார்: கொட்டாவி, விக்கல், தும்மல், விரல்களை விரித்து நீட்டுதல், முதுகை வளைத்தல், தோலின் நிறம் திட்டுத்திட்டாக மாறுதல். நம் வீடுகளில் இவற்றை யாரும் பார்க்காமல் விடுவதில்லை. கொட்டாவி விட்டால் வாய்முன் சொடக்குப் போடுகிறோம். தும்மினால் வாழ்த்துகிறோம். விக்கினால் தொண்டை காய்ந்துவிட்டது என்று ஒரு சொட்டுத் தண்ணீர் விடுகிறோம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர தண்ணீர்கூடத் தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, ஆகவே அந்தச் சொட்டும் வேண்டாம். ஒரு கொட்டாவியோ ஒரு தும்மலோ தனியாக எதையும் சொல்லாது. பத்து நிமிடத்துக்குள் இரண்டு மூன்று சேர்ந்து வந்து, முகமும் திரும்பினால் அதுதான் சேதி. மாநிறக் குழந்தைகளில் தோல் நிறமாற்றம் எளிதில் தெரியாது. கையைப் பாருங்கள். தளர்ந்திருந்த விரல்கள் ஐந்தும் நட்சத்திரம் மாதிரி விரிந்தால், குழந்தையைத் தாயிடம் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரம் அதுவே.

பல கைகளில் வளர்வதே குழந்தைக்குக் கெடுதல் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. காங்கோ நாட்டு இடூரி காட்டில் வாழும் எஃபே மக்களிடம் பச்சிளம் குழந்தையை ஊரே மாற்றி மாற்றித் தூக்கும், மற்றப் பெண்கள் பாலும் கொடுப்பார்கள். எட்வர்ட் ட்ரானிக், கில்டா மொரெல்லி என்ற ஆய்வாளர்கள் 1980களில் இதை விரிவாகப் பதிவு செய்தார்கள். அந்தக் குழந்தைகள் நன்றாகவே வளர்கின்றன. ஆனால் அங்கே தூக்குகிறவர்கள் அதே சின்ன வட்டத்தில் தினமும் வாழ்கிறவர்கள். அவர்களின் குரலும் வாசனையும் பிடியும் குழந்தைக்குப் பழக்கம். தூக்கினாலும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், குழந்தையின் முகத்தையே பார்த்துக் கைதட்டிக்கொண்டிருப்பதில்லை. நம் வீட்டிலும் அப்பத்தா, அம்மாச்சி, தினம் வரும் பக்கத்து வீட்டு அக்கா ஆகியோரின் கைகள் அந்த வகைதான். ஞாயிற்றுக்கிழமை வேன் வேறு வகை.

வயதைப் பொறுத்தும் காரணம் மாறும். எட்டு மாதக் குழந்தை விருந்தாளியைப் பார்த்ததும் அழுதால் அது வேற்றாள் பயம். முகங்களைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டதன் விளைவு. அந்த அழுகை ஆள் வந்த உடனே வரும், தாயிடம் போனதும் நிற்கும். ஆறு வாரக் குழந்தைக்கு அந்தப் பயம் கிடையாது, யார் தூக்கினாலும் போகும். அதனாலேயே அது எல்லோர் கைக்கும் போய்ச் சேர்கிறது.

இனி ஏழு மணிக்கு வருவோம். வேன் கிளம்பியாயிற்று. அழுகை தொடங்கவில்லை, அல்லது இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. செய்ய வேண்டியது கழித்தல், கூட்டல் கிடையாது. பதறிப்போய் ஒரே நேரத்தில் தட்டி, ஆட்டி, பாடி, செல்போன் வெளிச்சத்தைக் காட்டி, நாலு பேர் சூழ்ந்துகொள்வதுதான் இந்த நேரத்தில் நடக்கும் பெரிய தவறு. ஏற்கெனவே நிரம்பி வழியும் ஒரு மூளைக்குள் மேலும் ஊற்றுகிறோம்.

குழந்தையை ஒரே ஒருவர் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போகட்டும். தாய் களைத்திருந்தால் அம்மாச்சி போதும். ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு ஜீரோ வாட் பல்பு போட்டால் சரி. டிவியை நிறுத்த வேண்டும். கதவைச் சாத்தி, மின்விசிறியின் ஒரே சீரான ஓசை மட்டும் இருக்கட்டும். முதல் வேலை உடம்பைப் பார்ப்பது. ஜரிகை வைத்த பட்டுச்சட்டை, புதிதாகப் போட்ட கொலுசு, இறுகிய அரைஞாண் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு நைந்த பருத்தித் துணி போடலாம். கை கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தலைமுடி ஒன்று விரலைச் சுற்றி இறுக்கியிருப்பது அரிது, ஆனால் இருந்தால் எந்தத் தாலாட்டுக்கும் அழுகை நிற்காது. பங்குனி வெயிலில் கழுத்து மடிப்பில் வியர்த்திருக்கும், ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். இந்த நேரத்தில் சாம்பிராணிப் புகை வேண்டாம். மிளகாய் சுற்றிப் போடுகிற வீடுகளில் அதை வாசலுக்கு வெளியே, குழந்தை உள்ளே இருக்கும்போது செய்துகொள்ளட்டும். சின்ன நுரையீரலுக்கு அந்த நெடி எரிச்சல்.

பிறகு நடக்க வேண்டும். ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தில் குமி குரோடாவின் குழு 2022இல் 21 குழந்தைகளை வைத்து இதை அளந்தது. அழுகிற குழந்தையை மார்போடு அணைத்துத் தலையைத் தாங்கியபடி ஐந்து நிமிடம் நடந்தபோது எல்லாக் குழந்தைகளும் அழுகையை நிறுத்தின, ஏறக்குறைய பாதி தூங்கிவிட்டன. உட்கார்ந்தபடியே வைத்திருந்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. நடை ஒரே சீராக இருக்க வேண்டும், சட்டென்று நிற்பதும் திரும்புவதும் கூடாது. பாலசமுத்திரத்து வீட்டில் நடை முழுக்க நடக்க இடமிருந்தால் அதுவே போதும், மொட்டை மாடியும் உதவும். அந்த ஆய்வில் இன்னொரு சேதியும் உண்டு. தூங்கிய குழந்தையை உடனே கீழே கிடத்தியபோது மூன்றில் ஒன்றுக்கு மேல் இருபது விநாடிக்குள் விழித்துக்கொண்டன. குழந்தையை விழிக்க வைத்தது முதுகு பாயில் படும் கணம் இல்லை, தாயின் உடம்பிலிருந்து பிரியத் தொடங்கும் கணம். ஆகவே தூங்கிய பிறகு அசையாமல் உட்கார்ந்து ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்திருந்து, பிறகு கிடத்தச் சொல்கிறார்கள். இது சிறிய ஆய்வு. எல்லாக் குழந்தைக்கும் எல்லா மாலையிலும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. செலவில்லாதது, ஆபத்தில்லாதது என்பதால் முதலில் முயல வேண்டியது இதுதான்.

பாலூட்டுவது எப்போது? அழுகையின் உச்சியில் மார்பைக் கொடுத்தால் குழந்தை தலையைத் திருப்பும், வாயில் வைத்துவிட்டு இழுத்துக் கத்தும். பால் இல்லை என்ற முடிவு பிறப்பது இந்தக் காட்சியிலிருந்துதான். நடந்து, மூச்சு சீராகி, கை தளர்ந்த பிறகு கொடுத்துப் பாருங்கள், அதே குழந்தை குடிக்கும். கூட்டம் இருந்த இரண்டரை மணி நேரத்தில் ஒரு வேளைப் பால் தவறியிருக்கவும் கூடும். கையைச் சப்பியபோது "விரல் சூப்புது பாரு" என்று ரசித்தோம், அது பசி. இந்த வயதில் மாலையில் அரை மணிக்கொரு தரம் பால் கேட்பதும் வழக்கமே. பால் போதுகிறதா என்பதை ஒரு மாலையின் அழுகையால் அளக்கக் கூடாது. நாளுக்கு ஆறு முறையாவது நன்றாக மூத்திரம் போகிறதா, எடை நாளுக்குச் சராசரியாக 20 முதல் 30 கிராம் ஏறுகிறதா என்று அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எடை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தூளி கட்டியிருக்கும் வீட்டில் அதையும் பயன்படுத்தலாம். நாலு பக்கமும் மூடிய மங்கல், ஒரே தாளத்தில் ஆட்டம் இரண்டும் சேர்ந்து கிடைக்கும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், மோவாய் நெஞ்சில் படும்படி குழந்தை மடங்கிக் கிடக்கக் கூடாது. தூங்கியதும் சமமான, கெட்டியான படுக்கைக்கு மாற்றி மல்லாக்கக் கிடத்துவதே பாதுகாப்பு. தலையணை வேண்டாம்.

இவ்வளவும் செய்து அரை மணி நேரம் அழுதால்? அழலாம். சேர்ந்திருந்தது வெளியேற நேரம் எடுக்கும். தூக்கி வைத்திருக்கிறவருக்குக் கைநடுக்கமும் ஆத்திரமும் வந்தால், குழந்தையைப் பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டு ஐந்து நிமிடம் வெளியே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு போகலாம், அல்லது வேறொருவர் கைக்கு மாற்றலாம். எந்த நிலையிலும் குழந்தையைப் பிடித்து உலுக்கக் கூடாது, மூளைக்குள் ரத்தம் கசிந்துவிடும்.

அழுத பிறகு சமாதானப்படுத்துவதைவிட, முன்னதாகவே தூக்கி வைத்திருப்பது பலன் தரும் என்பதற்கு மாண்ட்ரியாலில் ஹன்சிகர், பார் என்ற ஆய்வாளர்கள் 1986இல் வெளியிட்ட ஆய்வு சான்று. அழாத நேரத்திலும் நாள் முழுக்கக் கூடுதலாகத் தூக்கி வைத்திருந்த குழந்தைகள் ஆறாம் வாரத்தில் 43 சதவீதம் குறைவாக அழுதன, மாலையில் 51 சதவீதம் குறைவு. ஏற்கெனவே மிகுதியாக அழும் குழந்தைகளிடம் இதே முறை பின்னர் அந்தப் பலனைத் தரவில்லை. எனவே கூட்டம் வரும் என்று தெரிந்த நாளில் மதியத்திலிருந்தே குழந்தையை அம்மாச்சி தோளில் வைத்திருப்பதும், மூன்று மணிக்கு நல்ல தூக்கம் கிடைக்கச் செய்வதும் இரவு எட்டு மணி நடையைவிட மேல்.

இது வெறும் களைப்பா, நோயா என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். களைப்பின் அழுகை இருட்டிலும் நடையிலும் இடையிடையே தணியும், மறுநாள் காலை குழந்தை பழையபடி விழித்து, குடித்து, பார்க்கும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் வந்தால், பச்சையாக வாந்தி எடுத்தால், இரண்டு வேளை தொடர்ந்து பால் குடிக்காவிட்டால், உச்சிக்குழி புடைத்தால், இடுப்பு மடிப்பில் வீக்கம் தெரிந்தால், அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டால் இரவென்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அந்த நேரத்தில் ஓமத்தண்ணியோ தேனோ கொடுத்துக் காத்திருப்பது ஆபத்து. ஒரு வயது வரை தேன் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

பழனிக்கு வந்துவிட்டுப் பாலசமுத்திரத்தில் குழந்தை பார்க்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மாலை ஐந்துக்கு முன் போங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முத்தம் கொடுக்காதீர்கள், சளி இருந்தால் வாசலோடு திரும்புங்கள். குழந்தை அம்மாச்சி மடியிலேயே இருக்கட்டும், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கையில் கொடு என்று நீங்கள் கேட்டால் மறுக்கும் தைரியம் அந்த வீட்டு மருமகளுக்கோ மகளுக்கோ இருக்காது. ஆகவே நீங்கள்தான் கேட்காமல் இருக்க வேண்டும்.